நடுவில் மூன்று சைபர்

தங்கை தேறாத கணினிப் பாடத்தின் விடைத்தாள் நகல் பன்னிரண்டாம் தேதி மதியம் தபாலில் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கித் தையல் மெஷின் மேல் வைத்திருந்தாள். நான் பாடம் நடத்தும் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை உறையைக் கிழித்துவிட்டாள்.

அவள் வாங்கியது நாற்பத்து மூன்று. தேறுவதற்கு நாற்பத்தைந்து வேண்டும். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் எழுபதுக்குக் குறையவில்லை. வேலை கொடுப்பதாகச் சொன்ன நிறுவனத்தின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: தேறாத பாடம் ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதம் செல்லாது, மதிப்பெண் பட்டியலை முப்பதாம் தேதிக்குள் சேர்க்க வேண்டும். ஆக எங்கள் கையில் பதினெட்டு நாள் இருந்தது.

"பதினாலாவது கேள்வியைப் பாருக்கா" என்றாள்.

பார்த்தேன். கேள்வி இதுதான். ஒன்றும் சைபரும் மட்டும் கொண்ட சரங்களில், 101 என்ற துண்டு எந்த இடத்திலும் வராத சரங்களை மட்டும் ஏற்கும் ஒரு டி.எஃப்.ஏ. வரைக, அதற்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுக. டி.எஃப்.ஏ. என்பது வட்டங்களும் அம்புகளும் கொண்ட படம், ரெகுலர் எக்ஸ்பிரஷன் அதையே ஒரு வரியில் எழுதும் கோவை; படத்துக்கு ஆறு மதிப்பெண், கோவைக்கு நான்கு.

படத்தை அவள் அழகாகப் போட்டிருந்தாள். நான்கு வட்டம். முதல் வட்டம், இன்னும் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற நிலை. சைபர் வந்தால் அங்கேயே சுற்றும், ஒன்று வந்தால் இரண்டாவதற்குப் போகும். இரண்டாவது, இப்போதுதான் ஒரு ஒன்று வந்தது என்ற நிலை. இன்னும் ஒன்றுகள் வந்தால் அங்கேயே, சைபர் வந்தால் மூன்றாவதற்கு. மூன்றாவதுதான் ஆபத்தான இடம், 10 வந்துவிட்டது. அங்கே சைபர் வந்தால் பிழைத்தோம், முதல் வட்டத்துக்குத் திரும்பலாம். ஒன்று வந்தால் 101 முடிந்தது. நான்காவது வட்டத்தில் விழ வேண்டும். விழுந்தால் எழுந்திருக்க வழி கிடையாது, எது வந்தாலும் அதிலேயே சுற்ற வேண்டியதுதான். ஏற்கும் நிலைகளான முதல் மூன்றுக்கும் இரட்டைக் கோடு, நான்காவதற்கு ஒற்றைக் கோடு. ஆறுக்கு ஆறு போட்டிருந்தார்கள்.

கீழே கோவை: 0*(1+000*)*0*. இதில் + என்றால் 'அல்லது', ஸ்டார் என்றால் 'எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம்'. அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு. ஓரத்தில் சைபர்.

"சரியாத்தானே இருக்கு?" என்றாள் தங்கை. "முன்னாடி எத்தனை சைபர் வேணா இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம். நடுவுல ரெண்டு ஒண்ணுக்கு இடையில சைபர் வந்தா குறைஞ்சது ரெண்டு வரணும். அதுக்குத்தான் ரெண்டு சைபர் போட்டு, மூணாவது சைபருக்கு ஸ்டார் போட்டேன். நீதானே இந்த மேஜையில உக்காந்து சொல்லிக்குடுத்த!"

"சரிதான்" என்றேன்.

"அப்ப ஏன் அடிச்சிருக்காங்க?"

எனக்குத் தெரியும்.

இந்தத் தாளைத் திருத்தும் முகாமில் நானும் இருந்தேன். எங்கள் கல்லூரித் தாளும் தங்கை கல்லூரித் தாளும் என் மேஜைக்கு வராது; ஆனால் பாடம் அதுதான், கேள்வி அதுதான். முதல் நாள் காலையில் எங்கள் எல்லாருக்கும் விடைக்குறிப்பு கொடுத்தார்கள். நாங்கள் அதைக் கீ என்போம். கீயில் நான்கு வட்டப் படம் இருந்தது. அதன் கீழே 0*(1+00)*0* என்று இருந்தது. முப்பது தாள் கொண்ட கட்டு, காலையில் இரண்டு, மதியம் இரண்டு. ஐந்தாவது தாளுக்குப் பிறகு யாரும் கேள்வியைப் படிப்பதில்லை. கண் கீயின் வடிவத்தைத் தேடும். அது இருந்தால் நான்கு, இல்லையென்றால் சைபர். தங்கை தாளில் இருந்த சிவப்புக் கோடு என்னுடையதல்ல. நான் கோட்டை மேலிருந்து கீழாக இழுப்பேன், இது கீழிருந்து மேலே போயிருந்தது. அந்த அளவுக்கு எனக்கு நிம்மதி என்று சொல்லலாம்.

"கீயே தப்பு" என்றேன்.

ஒரு தாளை எடுத்து 10001 என்று எழுதிக் காட்டினேன். "இதுல 101 இருக்கா?"

"இல்ல."

"உன் படத்துல ஓட்டு."

விரலை வட்டங்கள் மேல் நகர்த்தினாள். ஒன்று, இரண்டாவது வட்டம். சைபர், மூன்றாவது. சைபர், முதலாவது. சைபர், முதலாவதே. ஒன்று, இரண்டாவது. இரட்டைக் கோடு. "ஏத்துக்குது."

"கீயில இருக்கிற கோவைல இது வருமா பாரு. நடுவுல ஒண்ணு வரலாம், இல்லாட்டி ரெண்டு சைபர் ஜோடியா வரலாம். ரெண்டு சைபர் சரி, நாலு சைபர் சரி. மூணு சைபர் எப்படி வரும்? ஒத்தையா நிக்கிற சைபரை எங்க வைக்கிறது?"

"அப்போ அவங்க படமும் அவங்க கோவையும் ஒத்துப்போகலையே!"

"ஆமா."

அம்மா மெஷினை நிறுத்தினாள். "இருக்கிறதே ஒண்ணும் சைபரும்தான். அதுல கூடவாடி தப்புப் பண்ணுவாங்க படிச்சவங்க?"

தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் இந்தப் பேப்பர்தானே திருத்தின? நீயும் இப்படி அடிச்சியாக்கா?"

"பார்த்திருந்தா..."

"அடிச்சியா, இல்லையா?"

"அடிச்சிருப்பேன்."

"எத்தனை?"

அதற்கு என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை. ஐந்நூறு தாள்கள் திருத்தியிருப்பேன். ஒன்றே ஒன்று நினைவிருந்தது. யாரோ ஒருவர் 0*(1*000*)*1*0* என்று எழுதியிருந்தார். சுற்றி வளைக்கிறது பார் என்று எண்ணிக்கொண்டு குறுக்கே கோடு இழுத்தேன். அதுவும் சரியான விடைதான். இப்போது மேஜையில் உட்கார்ந்து மூன்று நிமிடத்தில் சரி பார்த்துவிட்டேன். அந்த மூன்று நிமிடம் அன்று என்னிடம் இல்லை என்று சொன்னால் அது பொய். வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

"நீ சும்மா இருக்கப் போறியா?" என்றாள் தங்கை. "எனக்கு மட்டும் இல்லக்கா. எங்க வகுப்புல ஆறு பேரு ஒண்ணு ரெண்டு மார்க்குல போயிருக்காங்க. எல்லாருக்கும் திருத்தணும்."

அன்று மாலையே மனு எழுதினேன். எனக்குக் கடிதம் எழுத வரும். முதல் விஷயம், இரண்டாம் விஷயம், மூன்றாம் விஷயம் என்று பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்று வரும்படி எழுதுவேன். கேள்வி என்ன கேட்கிறது. கீயில் உள்ள 0*(1+00)*0* ஏன் 10001ஐ விட்டுவிடுகிறது. ஆகவே கீயைத் திருத்தி, இந்தக் கேள்விக்கு விடை எழுதிய எல்லாருடைய தாளையும் மறுபடி பார்க்க வேண்டும். கீழே தங்கையின் கையெழுத்து. முகவரி எங்கள் வீட்டு முகவரி. பதின்மூன்றாம் தேதி தேர்வு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். தங்கை அந்த நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

பதினாறாம் தேதி எனக்குத் தொலைபேசி வந்தது. தங்கைக்கு அல்ல, எனக்கு. முதன்மைத் தேர்வாளர். முகாமில் அவரை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வோம். நேரில் வரச் சொன்னார்.

அவர் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னலை மறைத்துப் பழைய தாள் கட்டுகள். மேஜையில் எங்கள் மனு, அதன் பக்கத்தில் தேர்வாளர் பதிவேடு. பதிவேடு என் பெயரும் முகவரியும் இருந்த பக்கத்தில் திறந்திருந்தது.

"உக்காருங்கம்மா. லெட்டர் பிரமாதம். யார் எழுதினது?"

"தங்கைதான் சார்."

"தங்கச்சிக்குக் கீயில என்ன இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீ வெளியே வராது. விடைத்தாள் நகலில் சிவப்புக் கோடு தெரியும், கீ தெரியாது. முகாமில் முதல் நாள் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவோம்: கீயின் உள்ளடக்கத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன், மீறினால் எந்தப் பல்கலைக்கழகப் பணிக்கும் தகுதியில்லை. நானோ அதை ஸ்டார், அடைப்புக்குறி சகிதம் எடுத்து எழுதி, முத்திரையும் வாங்கி வந்திருந்தேன். "என் விடை ஏன் தவறு என்று விளக்க வேண்டும்" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஒழுங்காக எழுதிப் பழகிய கை, அது கேட்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு நம்பர்" என்றார் சீஃப். பதிவேட்டை மூடினார். "சரி, அதை விடுங்க. 10001. இதைக் காட்டுங்க."

அவர் மேஜையில் கிடந்த தாளின் பின்புறத்தில் எழுதினேன். முழுதாக விளக்குவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பத்து நொடிகூட ஆகவில்லை.

"தப்புதான். 'குறைஞ்சது ரெண்டு'ன்னு மனசுல நினைச்சுட்டு 'ரெண்டு ரெண்டா'ன்னு கையில எழுதியிருக்கேன். கீ நான் போட்டதும்மா. பதினோரு வருஷமா இதே நோட்ஸ்தான் நடத்துறேன். ஒருத்தரும் கேட்டதில்ல."

அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், சண்டை போடலாம் என்று வந்திருந்தேன். ஒத்துக்கொள்பவரிடம் என்ன பேசுவது?

"அப்ப கீயைத் திருத்திடலாம் சார்."

"ரிசல்ட் வந்தாச்சு. ஒன்பதாயிரம் தாள். கட்டு பிரிச்சு, ஆள் கூப்பிட்டு, மார்க் ஏத்தி, பட்டியல் மறுபடி அச்சடிச்சு... எப்படித் தப்பு வந்துச்சுன்னு ஒரு கமிட்டி போடுவாங்க. கமிட்டி முதல்ல என்ன கேக்கும்? கீ எப்படி வெளிய போச்சுன்னு கேக்கும்." மனுவை விரலால் தட்டினார். "உங்க கல்லூரியில இன்னும் நிரந்தரம் ஆகலதானே?"

"இல்ல."

"மிரட்டுறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கும் ரிட்டயராக மூணு வருஷம்தான் பாக்கி. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த மனுவை வாபஸ் வாங்குங்க. சாதாரண மறுமதிப்பீட்டுப் படிவம் ஒண்ணு கொடுங்க, காரணம் எதுவும் எழுத வேணாம். அந்த ஒரு தாளை நானே பார்க்கிறேன். நாலு மார்க் வரும். இருபத்தெட்டாம் தேதிக்குள்ள பட்டியல் கையில இருக்கும்."

"மத்தவங்க?"

"படிவம் கொடுத்தவங்களுது என்கிட்ட வந்தா பார்க்கிறேன்."

"உங்ககிட்ட வராட்டி?"

"வேற யார்கிட்டயாவது போகும்."

"அவங்க கையில அதே கீதானே சார் இருக்கும்?"

சீஃப் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "நாளைக்குச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கை என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கத்துவாள். பத்திரிகைக்குப் போகலாம் என்பாள். நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய் அக்கா என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்தேன். அவள் பிடிவாதமாக நின்றால் மனுவை வாபஸ் வாங்காமல் அப்படியே விட்டுவிடுவது, வேலை போனால் போகட்டும் என்றும் பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உண்மையாகவே வந்திருந்தேன்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். தங்கை சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"இருபத்தெட்டுன்னு நிச்சயமா சொன்னாரா?" என்றாள்.

"சொன்னார்."

"எழுதிக் குடுப்பாரா?"

"இதை எப்படிடி எழுதிக் குடுப்பாங்க?"

தங்கை நகத்தால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டினாள்.

"உனக்கும் பிரச்சினை வேணாம்ல" என்றாள். பிறகு, "மத்தவங்க அடுத்த தடவை எழுதிக்கட்டும். ஆறு மாசம்தானே."

"உங்க வகுப்புல ஆறு பேருன்னு சொன்னியே?"

"அவங்க எல்லாரும் இதே கேள்வியிலதான் போனாங்கன்னு யாருக்குத் தெரியும்? என்கிட்ட தாளைக் காட்டினாங்களா?" குரல் சற்று உயர்ந்தது. "நான் ஒண்ணும் தப்பு செய்யலையே அக்கா. நான் சரியாத்தானே எழுதியிருக்கேன். எனக்கு வர வேண்டியதுதானே வருது."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"எடுத்துடு" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "வீட்டுக்கு ஒண்ணு நல்லது நடக்கும்போது ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டிருக்க முடியுமா?"

தங்கை ஒரே ஒரு வார்த்தை மறுத்திருந்தால் போதும் என்று அப்போது தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் மறுக்க மாட்டேனா என்று. இருவரும் மறுக்கவில்லை. பதினேழாம் தேதி காலையில் வாபஸ் கடிதத்தை நானே எழுதினேன். இரண்டே வரி. நான் எழுதியதிலேயே மிகச் சுருக்கமான கடிதம் அதுதான்.

சீஃப் வாக்குத் தவறவில்லை. இருபத்தேழாம் தேதியே பட்டியல் வந்தது: நாற்பத்தேழு, தேர்ச்சி. தங்கை வேலையில் சேர்ந்தாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்த மனு நகலை மட்டும் யார் எப்போது கிழித்தார்கள் என்று தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை.

அடுத்த பருவத்தில் அதே பாடம் எனக்கு வந்தது. புது மாணவர்களோடு, போன தடவை தவறியவர்களும் பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவனை எல்லாரும் மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமான மறுவாரமே வகுப்புக்கு வந்துவிட்டான், வயதும் மற்றவர்களைவிட ஐந்தாறு கூட. காலையில் கூரியர் வேலை பார்த்துவிட்டு வருவான். சரியாகப் படிப்பவன்தான், எப்படித் தவறினான் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

101 வராத சரங்களைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். படம் போட்டேன். கோவையை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வரிசை வரிசையாக நடந்தேன். மாப்பிள்ளை நோட்டில் 0*(1+000*)*0* என்று இருந்தது. வகுப்பில் முதலில் முடித்தவனும் அவன்தான்.

"சரியா போட்டிருக்கீங்க" என்றேன்.

"சரிங்களா மேடம்?" முகம் மலரவில்லை. "போன தடவை பரீட்சைல இதையேதான் எழுதினேன். மூணு மார்க்குல போச்சு. தாள் நகல் வாங்கிப் பார்த்தா இதுக்குச் சைபர் போட்டிருக்காங்க. படிவம் குடுத்தேன், மாற்றமில்லைன்னு வந்துச்சு. அப்புறம் ஒரு பழைய நோட்ஸ் கிடைச்சுது, அதுல நடுவுல வெறும் ரெண்டு சைபர்தான் இருக்கு. எனக்குப் புரியல மேடம். எது சரி?"

பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க எழுதினது சரி."

"அப்ப அது?"

"அது தப்பு."

"சரி மேடம்" என்றான். பேனாவை மூடினான். உடனே திறந்தான். "பரீட்சைல எதை எழுதட்டும்?"

பக்கத்து பெஞ்சின் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. இந்தக் கேள்வி திரும்ப வந்தால் கீ அதேதான், அதைத் திருத்தக் கேட்ட ஒரே மனு திரும்பப் பெறப்பட்டது என்று பதிவாகியிருக்கும். இன்னொரு தடவை தவறினால் இவன் என்ன செய்வான் என்று யோசித்தேன். கூரியர் பை மேஜைக்கு அடியில் இருந்தது, அதன் பட்டை பிய்ந்து கயிற்றால் கட்டியிருந்தது.

"பழைய நோட்ஸ்ல இருக்கிறதையே எழுதுங்க" என்றேன்.

"தப்புன்னு சொன்னீங்களே மேடம்?"

"ஆமா. தப்புதான். அதையே எழுதுங்க."

அவன் ஸ்கேலை வைத்து, நடுவிலிருந்த மூன்றாவது சைபரையும் அதன் மேலிருந்த ஸ்டாரையும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தான். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களும் அடித்தார்கள்.